அந்த கிணறு கணக்கு, 120.6 ஏன் தப்பு

கார்த்தி,

நேத்து டியூஷன் முடிஞ்சு நீ காட்பாடி பஸ்ஸ புடிக்க ஓடிட்ட, அதான் மெயில்ல எழுதுறேன். உன் ஃபார்முலா எல்லாம் கரெக்ட் தான்பா, நடுவுல ரவுண்ட் பண்ணது தான் வினை.

கணக்கு இது தான்: வட்டக் கிணறு, சுற்றளவு 10 மீட்டர், ஆழம் 15 மீட்டர், கொள்ளளவு எவ்ளோனு கண்டுபிடிக்கணும். ஆரம் 10-ஐ 2π-ஆல வகுத்தா 1.59155 வரும், நீ அத 1.6-னு எழுதிட்டு அதையே திரும்ப கால்குலேட்டர்ல அடிச்சிருக்க. பாத்தா துளியூண்டு வித்தியாசம், அரை சதவீதம் தான். ஆனா அடுத்த ஸ்டெப்ல ஆரத்த வர்க்கம் பண்றோம்ல, அப்ப தப்பு சுமாரா டபுள் ஆகி ஒரு சதவீதத்த தாண்டிடுது, அப்புறம் 15-ஆல பெருக்கும்போது அதுவும் கூடவே பெருகி உனக்கு 120.6 வந்துடுச்சு. சரியான விடை 119.4 கன மீட்டர். வித்தியாசம் ஆயிரத்து இருநூறு லிட்டருக்கு மேல, பாலாத்துல தண்ணியே இல்லாத ஊர்ல இவ்ளோ தண்ணிய நீ சும்மா உண்டாக்கிட்ட 😄

1.5915-னு புள்ளிக்கு அப்புறம் நாலு டிஜிட் வெச்சிருந்தா கூட 119.4 தான் வரும், போட்டு பாரு. பேப்பர்ல 1.59-னு எழுதிக்கோ பரவால்ல, ஆனா கணக்குக்கு Ans பட்டன அழுத்தி முழு நம்பரையே எடு, கடைசி வரில மட்டும் ரவுண்ட் பண்ணு.

6வது, 9வது கணக்குலயும் இதே கதை தான், சனிக்கிழமை வரும்போது திருப்பி போட்டுட்டு வா.

செல்வம் அண்ணா