அத்தோ அளவு கேட்ட அக்காவுக்கு

பர்மா நூடுல்ஸான அத்தோவுக்கு அளவு கேட்டீர்கள், நீங்கள் செய்தது கொழகொழவென்று போய்விட்டது என்றும் சொன்னீர்கள். தாராளமாகச் சொல்கிறேன் அக்கா, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்கே வியாசர்பாடியில் எங்கள் எதிர்வீட்டு ஆயா சொல்லிக் கொடுத்ததுதான். அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய குடும்பம். அத்தோ என்றால் பர்மிய மொழியில் பிசைந்தது என்று அர்த்தமாம். உங்களுக்குக் கொழகொழவென்று போனதற்குக் காரணம் அந்தப் பேரிலேயே இருக்கிறது. இது பிசைகிற பண்டம். நீங்கள் வாணலியில் போட்டுக் கிளறியிருக்கிறீர்கள்.

நான்கு பேருக்கு என் அளவு: தடிமனான காய்ந்த நூடுல்ஸ் 300 கிராம், பொடியாக நீளவாக்கில் சீவிய முட்டைக்கோஸ் இரண்டு கைப்பிடி, பெரிய வெங்காயம் நான்கு, பூண்டு இருபது பல், கடலை எண்ணெய் 150 மில்லி, எலுமிச்சை அளவு புளி, வறுத்த பொட்டுக்கடலை மாவு நான்கு மேசைக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த காய்ந்த மிளகாய் இரண்டு தேக்கரண்டி, உப்பு, கொத்தமல்லி, ஒரு எலுமிச்சம்பழம்.

நூடுல்ஸை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, முழுதாக வேக ஒரு நிமிடம் இருக்கும்போதே வடித்துவிடுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் புரட்டி, அகலத் தட்டில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். நன்றாக ஆற வேண்டும். சூட்டோடு மாவு விழுந்தால் பசை காய்ச்சின மாதிரிதான் ஆகும். கடையில் பார்க்கும் ஆரஞ்சு நிறம் கலர்ப்பொடி. நான் போடுவதில்லை, ருசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து எண்ணெய். அத்தோவின் உயிரே இதுதான், அவசரப்படாதீர்கள். முதலில் மெல்லியதாகச் சீவிய பூண்டைச் சின்னத் தீயில் வறுத்து, வெளிர் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கருகினால் கசப்பு மொத்த எண்ணெயிலும் இறங்கிவிடும். பிறகு அதே எண்ணெயில் மூன்று வெங்காயத்தை மெலிதாகச் சீவிப் போட்டு மிதமான தீயில் வறுக்க வேண்டும். முக்கால் சிவந்ததும் எடுத்துவிட்டால் மீதி நிறம் தட்டில் வந்துவிடும். எனக்கு இதற்குப் பதினைந்து நிமிடமாவது ஆகிறது. அடுப்பை அணைத்துவிட்டு எண்ணெயில் கால் ஸ்பூன் மஞ்சள்தூள் போடுங்கள். இந்த எண்ணெயைக் கீழே கொட்டிவிடாதீர்கள், நூடுல்ஸில் விழப்போவதே இதுதான்.

புளியை அரை டம்ளர் தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். மீதி ஒரு வெங்காயம் பச்சையாகவே போகும், முட்டைக்கோஸும் பச்சைதான்.

இனி ஒவ்வொரு தட்டாகப் பிசையுங்கள், மொத்தமாக வேண்டாம். நூடுல்ஸ், மேலே இரண்டு ஸ்பூன் அந்த எண்ணெய், கோஸ், பச்சை வெங்காயம், உப்பு, மிளகாய், ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு, இரண்டு ஸ்பூன் புளிக்கரைசல். விரல் நுனியால் தூக்கித் தூக்கிப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்தக் கூடாது. கடைசியில் வறுத்த வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு. மொறுமொறுப்பான பர்மியப் பலகாரம் பேஜோ கிடைத்தால் நொறுக்கிப் போடுங்கள். கிடைக்கவில்லையா, வீட்டில் இருக்கிற தட்டையை நொறுக்குங்கள், யாருக்கும் தெரியாது.

பையன் காரம் சாப்பிடமாட்டான் என்றீர்களே, அவன் தட்டுக்கு மட்டும் மிளகாயை விட்டுவிட்டு பூண்டைக் கூட்டிப் போடுங்கள். தட்டுத் தட்டாகப் பிசைவதில் இதுதான் வசதி. அப்புறம், மீன் வாசனை பிடிக்கும் வீடென்றால் சென்னாக்குனி என்கிற காய்ந்த பொடி இறாலை வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்து ஒரு ஸ்பூன் சேர்த்துப் பாருங்கள். காசிமேடு பக்கம் சுலபமாகக் கிடைக்கும். எங்கள் வீட்டில் அது இல்லாமல் என் கணவர் தட்டைத் தொடமாட்டார்.

கடையில் கூடவே ஊற்றித் தருகிற வாழைத்தண்டு சூப்பையும் கேட்டிருந்தீர்கள். அது சுலபம்: பொடியாக நறுக்கிய தண்டு, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், மிளகு எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்டு, இரண்டு ஸ்பூன் கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சரியாக இருக்கும். தண்டின் நாரை மட்டும் விரலில் சுற்றி எடுத்துவிடுங்கள், தொண்டையில் சிக்கும்.

பிசைந்ததை எடுத்துவைக்காதீர்கள், அரை மணி நேரத்தில் கோஸ் தண்ணீர் விட்டுவிடும். எண்ணெயும் வறுத்த வெங்காயமும் மிஞ்சினால் தனித்தனியாக மூடி வையுங்கள். மறுநாள் தயிர்சாதத்துக்கு நான் வேண்டுமென்றே மிச்சம் பிடிப்பேன்.