பொருள்: சனிக்கிழமை தோறும் உங்கள் கஃபேயில் நேரடி இசை

சேலம், அஸ்தம்பட்டி
10.06.2026

அன்புள்ள விஜயா அக்காவுக்கு,

வணக்கம். போன மாதம் ஏற்காட்டில் மழைக்கு ஒதுங்கி உங்கள் கஃபேயில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோமே, கையில் கிதாரோடு, அந்த நால்வர்தான் எழுதுகிறோம். நீங்கள் கேட்டுக்கொண்டதால் கீர்த்தனா இரண்டு பாட்டு பாடினாள். கிளம்பும்போது, "வாராவாரம் வர முடியுமாப்பா? எவ்வளவு ஆகும், என்னென்ன வேணும்னு எழுதிக் கொடுங்க" என்றீர்கள். எழுதுவதற்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நால்வரும் நாலு கணக்குப் போட்டோம்.

குழுவின் பெயரும் அதுதான், 'நாலு பேர்'. பாடப் போகிறேன் என்று சொன்னதும் எல்லார் வீட்டிலும் "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்றார்கள். அதையே வைத்துக்கொண்டோம். கீர்த்தனா பாடுவாள், நான் கிதார் வாசித்துக் கூடப் பாடுவேன், அருண் கீபோர்டு, சலீம் கஹோன். கஹோன் என்பது மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி. டிரம் செட் கிடையாது. உங்கள் கூடத்துக்கு அது ஆகாது.

சனிக்கிழமை ஏன் என்றால், கோடை விழாக் கூட்டம் இறங்கிவிட்டது. ஜூலையில் மேலே வருகிறவர்களில் பாதிப் பேர் இருட்டும் முன் சேலத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்குப் படகு இல்லம் மூடிய பிறகு போக இடமில்லை, ரூமில் டிவி பார்க்கிறார்கள். அவர்களைத்தான் உங்கள் கஃபேக்குக் கூப்பிட நினைக்கிறோம். எஸ்டேட்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் வந்தால் இன்னும் நல்லது, மழைக்காலத்திலும் வரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

மாலை 6.45க்குத் தொடங்கி 7.30 வரை ஒரு சுற்று. பிறகு 25 நிமிடம் இடைவெளி, ஆர்டர் விழுவது அப்போதுதான். அப்புறம் 7.55 முதல் 8.40 வரை இரண்டாவது சுற்று. 9 மணிக்குள் வயரைச் சுருட்டிவிடுவோம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, நாங்கள் அதுவரை போகப் போவதில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்லது. எங்களையும் கூட்டிப் போங்கள், வருகிறோம்.

பாட்டு பெரும்பாலும் எழுபது, எண்பதுகளின் திரைப்பாட்டு, நடுவே எங்கள் சொந்தப் பாட்டு மூன்று. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பாட்டுகள் மட்டும். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் பழைய வளைவைப் பார்த்துக்கொண்டேதான் ஒவ்வொரு முறையும் மேலே வருகிறோம். அங்கே எடுத்த படங்களின் பாட்டை இந்த மலையில் ஒருத்தரும் பாடாமல் இருப்பது எங்களுக்கு ஒரு குறை. திரைப்பாட்டைக் கஃபேயில் பாட, பாட்டுக் காப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸின் உரிமம் வேண்டும். அது நடத்தும் இடத்தின் பெயரில் எடுப்பது, எங்கள் தொகையில் சேரவில்லை. விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன்.

இப்போது பணம். ஒரு மாலைக்கு 7,000 ரூபாய். ஆளுக்கு 1,300 வீதம் 5,200, நண்பனின் ஆம்னிக்கு வாடகையும் பெட்ரோலும் 1,200, கிதார் தந்தி, கேபிள் தேய்மானம் 600. முதல் நான்கு சனிக்கிழமைகள் (ஜூலை 4, 11, 18, 25) வெள்ளோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நான்குக்கும் எங்கள் பங்கில் ஆளுக்கு 500 குறைத்து, மாலைக்கு 5,000 கொடுத்தால் போதும். வண்டிச் செலவில் மட்டும் குறைக்க வழியில்லை. பணத்தை அன்றிரவே ஜிபேயில் போட்டுவிடுங்கள். இரவுச் சாப்பாடு நால்வருக்கும் உங்கள் கணக்கில், மிளகு ஆம்லெட்டும் தோசையும் போதும். நுழைவுக் கட்டணம் வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். டிப்ஸ் டப்பாவும் வைக்க மாட்டோம், காப்பி குடிக்க வந்தவர் முன்னால் டப்பாவை நீட்டக் கூச்சமாக இருக்கிறது.

ரத்து செய்வதானால் வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள், ஒன்றும் தர வேண்டாம். நாங்கள் மேலே வந்த பிறகு மழையாலோ கரண்டாலோ நின்றுபோனால் அன்றைய தொகையில் பாதி. எங்களால் வர முடியாமல் போனால் நீங்கள் எதுவும் தர வேண்டாம், அடுத்த வாரத் தொகையில் 500 குறைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் எல்லாம் எங்களுடையது: 10 இஞ்ச் பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, எட்டு சேனல் மிக்ஸர், மைக் மூன்று, ஸ்டாண்டுகள், கிதாருக்கு ஒரு டிஐ பாக்ஸ், கீபோர்டு. உங்களிடம் கேட்பது எட்டுக்கு ஆறு அடி இடமும், கை வைக்காத நாற்காலி இரண்டும், எர்த் சரியாக இருக்கிற ஒரு ப்ளக் பாயிண்டும்தான். மொத்த லோடு ஒரு மிக்ஸி இழுப்பதைத் தாண்டாது.

ஆனால் அந்த பாயிண்ட் காப்பி மெஷின் லைனில் இருக்கவே கூடாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். சேலத்தில் ஓரிடத்தில் மெஷினும் நாங்களும் ஒரே லைனில் இருந்தோம். மெஷின் சூடேறும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'ங்ஙொய்' என்று ஒரு இரைச்சல், மூன்றாவது பாட்டில் டிரிப் ஆகி மொத்தக் கடையும் இருட்டு. ஒரு தாத்தா மட்டும் கைதட்டினார், முடிந்துவிட்டது என்று நினைத்து. அதனால் பாயிண்டை முதலில் பார்த்துவிடலாம். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாம், ஆனால் உங்களுடையது சைன் வேவா ஸ்கொயர் வேவா என்று பார்க்க வேண்டும். ஸ்கொயர் வேவ் என்றால் இரைச்சல் வரும், அன்றைக்கு மைக் இல்லாமல் பாடுவோம்.

இடம், புத்தக அலமாரிப் பக்கத்து மூலை என்று நினைத்திருக்கிறோம். ஸ்பீக்கர் கவுன்டரைப் பார்க்காது, உங்கள் பையன்கள் ஆர்டர் கேட்கக் கத்த வேண்டியிருக்காது. பக்கத்து மேசையில் இருவர் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும், அதுதான் எங்கள் அளவு. கூடிவிட்டால் கை காட்டுங்கள், உடனே குறைப்போம். கல்யாண மண்டபத்தில் பாடிப் பாடி எங்களுக்கே காது அலுத்துவிட்டது. ஐந்து மணிக்கே வந்துவிடுவோம், பனி ஈரத்தில் கிதார் சுதி விலகும், அறைக்குப் பழக நேரம் வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள் கூடுதலாக. பனி இறங்கிவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவையும் இரவில் இறங்க எங்கள் வீட்டார் விட மாட்டார்கள், எங்களுக்கும் தைரியம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் கீர்த்தனாவுக்கு உங்கள் வீட்டில் ஓர் இடமும், எங்களுக்குப் பின்கூடத்தில் பாய் விரிக்க இடமும் கொடுத்தால் காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவோம்.

வருகிற ஞாயிறு, 14ஆம் தேதி, காலை பத்து மணிக்கு நானும் அருணும் டெஸ்டரோடு வந்து பாயிண்டைப் பார்க்கலாமா? கடை கூட்டமாக இருக்கும் நேரம் என்றால் வேறு நேரம் சொல்லுங்கள்.

அன்புடன்,
நவீன்
('நாலு பேர்' சார்பில்)