தமிழும் தெலுங்கும் பேசத் தெரிஞ்ச ரெண்டு பேரு வேணும் (சுங்குடி சேலை ஆன்லைன் கடை, மதுரை)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நம்ம லிஸ்ட்ல இருக்குற கஸ்டமருங்க, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் இதை அனுப்புறேன், உங்களுக்கு வேணாம்னா கூட வேலை தேடிட்டு இருக்குற யாருக்காச்சும் தட்டி விடுங்க.

நாங்க வில்லாபுரத்துல வீட்டு மாடியில வச்சு சுங்குடி, காட்டன் சேலை ஆன்லைன்ல விக்கிறோம்னு உங்களுக்கே தெரியும். முன்னாடி ஆர்டர் பூராம் தமிழ்நாட்டுக்குள்ளதான், இப்ப விஜயவாடா, குண்டூரு, ஹைதராபாத்துன்னு நிறைய வருது, அவங்க ஃபோன் பண்ணா எனக்கு நாலு வார்த்தைக்கு மேல போக மாட்டேங்குது, வீட்டுக்காரரு பேக்கிங்கைப் பாப்பாரா ஃபோனைப் பாப்பாரா. அதான் ரெண்டு பேரு எடுக்குறோம். தமிழ், தெலுங்கு ரெண்டும் சரளமா பேசணும். வீட்டுல தெலுங்கு பேசுற ஆளுங்க நம்ம ஊருல எம்புட்டோ பேரு இருக்கீங்க, "எங்க தெலுங்கு ஆந்திராக்காரங்களுக்குப் புரியாது"ன்னு ஒதுங்கிக்காதீங்க, ஒரு வாரம் ஃபோன் எடுத்தா தானா பழகிரும், யாரா இருந்தாலும் "மீரு"ன்னு மரியாதையா பேசுனா போதும். தெலுங்கு எழுத்து படிக்கத் தெரியணும்னு கட்டாயம் இல்ல, முக்காவாசிப் பேரு இங்கிலீஷ் எழுத்துலதான் தெலுங்கு டைப் பண்றாங்க, மத்தபடி வாய்ஸ் நோட்டுதான்.

வேலை என்னன்னா வாட்ஸாப், இன்ஸ்டா மெசேஜுக்குப் பதில் சொல்லணும், கால் எடுக்கணும், அட்ரஸ் பின்கோடு சரிபாத்து ஷீட்ல ஏத்தணும், டிராக்கிங் நம்பர் அனுப்பணும். இதெல்லாம் ரெண்டு நாள்ல வந்துரும். கஷ்டம் எங்கன்னா சேலை கைக்குப் போன பின்னாடி வர்ற கால்லதான். "போட்டோல அரக்கு, வந்தது மெரூன்"பாங்க, "மொத தடவை நனைச்சேன், சாயம் போச்சு"ம்பாங்க. சாயம் போகவே போகாதுன்னு அடிச்சு விடக் கூடாது. மொதல்ல ரெண்டு மூணு தடவை கொஞ்சம் விடத்தான் செய்யும், தனியா கல்லுப்பு போட்ட தண்ணியில அலசி நிழல்ல காயப் போடுங்கன்னு ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிரணும், சொல்லிட்டா பாதி சண்டை வராது. கையால முடிச்சுப் போட்டதுக்கும் பிரிண்ட் போட்டதுக்கும் வெலையில ஏன் அவ்வளவு வித்தியாசம்னு கேப்பாங்க, பிரிண்ட்டை முடிச்சுன்னு சொல்லி ஒரு சேலை கூட விக்க வேணாம், அது மட்டும் நமக்கு ஆகாது. எல்லாத்தையும் நானே பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றேன்.

நேரம்: ஒரு ஆளு காலையில 10 மணிலருந்து 6.30 வரைக்கும், மதியம் முக்கா மணி நேரம் சாப்பாட்டுக்கு. இன்னொருத்தரு சாயங்காலம் 5லருந்து 9.30, இது பார்ட் டைம், வீட்டுல இருந்தே பாக்கலாம், காலேஜ் படிக்கிறவங்களுக்கு, கைப்புள்ள வச்சுருக்கவங்களுக்கு சரியா வரும். ஞாயித்துக்கிழமை வேலை உண்டு, முன்னாடியே சொல்லிர்றேன், அன்னைக்குத்தான் எல்லாரும் வீட்டுல உக்காந்து சேலை பாக்குறாங்க. அதுக்குப் பதிலா புதன்கிழமை லீவு. அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கும் லீவுதான், கேட்டாலும் வேலை கிடையாது.

சம்பளம்: முழு நேரத்துக்கு மாசம் 13,500, மூணு மாசம் கழிச்சு 15,000. பார்ட் டைமுக்கு 7,500. மொத வாரம் டிரெயினிங், அதுக்கும் சம்பளம் உண்டு. மாசம் 5ஆம் தேதிக்குள்ள பேங்க்ல போட்டுருவோம். தீபாவளி, உகாதி நேரத்துல கூடுதலா உக்காந்தா மணிக்கு 90 ரூவா தனியா. தீபாவளிக்கு அரை மாசச் சம்பளம் போனஸ். சின்ன கடை, பிஎஃப் ஈஎஸ்ஐ இப்போதைக்கு இல்ல. ஃபோனும் சிம்மும் நாங்க தர்றோம், உங்க சொந்த நம்பர் எந்தக் கஸ்டமருக்கும் போகாது. பார்ட் டைம் ஆளுக்கு நெட்டுக்கு 300 ரூவா சேத்துத் தர்றோம்.

18 வயசு முடிஞ்சுருக்கணும். ஆம்பள பொம்பள யாரா இருந்தாலும் சரி, டிகிரி கேக்க மாட்டோம், முன்அனுபவமும் வேணாம். ஆனா சட்டுனு கோவம் வர்றவங்க தயவுசெஞ்சு வராதீங்க. ஒரு அக்கா ஒரே பார்சல எங்க இருக்குன்னு நாளுக்கு நாலு தடவை கேப்பாங்க, நாலாவது தடவையும் மொத தடவை மாதிரியே சொல்லணும்.

வர விருப்பம் இருந்தா இந்த நம்பருக்கே ரெண்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க, தமிழ்ல ஒண்ணு தெலுங்குல ஒண்ணு, ஒரு நிமிஷம் போதும். என்ன பேசணும்னா, சேலை டேமேஜா வந்துருச்சுன்னு கத்துற கஸ்டமருக்கு நீங்க எப்புடி பதில் சொல்வீங்களோ அதைப் பேசுங்க. பேரு, ஏரியா, எந்த நேரம் தோதுப்படும்னு டைப் பண்ணிருங்க. ஃபார்வர்டா வந்துருந்தா அனுப்புனவங்ககிட்ட எங்க நம்பரு இருக்கும், வாங்கிக்கங்க. பயோடேட்டா, போட்டோ எதுவும் வேணாம். டெபாசிட், ரெஜிஸ்டர் ஃபீஸ்னு யாராவது எங்க பேரச் சொல்லி காசு கேட்டா ஒத்த ரூவா கூட குடுக்காதீங்க, நாங்க கேக்கவே மாட்டோம்.

வர்ற சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் வாய்ஸ் நோட் கேப்போம், திங்கக்கிழமை நானே கூப்புடுறேன், வேலைக்கு எடுக்கலைன்னாலும் இல்லைன்னு ஒரு மெசேஜ் கண்டிப்பா வரும். மதியம் 2லருந்து 3 வரைக்கும் மட்டும் கால் பண்ணாதீங்க, கூரியர்காரரு வர்ற நேரம்.