ஜனவரி அரை மாரத்தான் குழுவுக்கு: வீட்டில் வாரம் இரண்டு நாள் பயிற்சி

செவ்வாய் காலை வேக ஓட்டம், வியாழன் மெதுவோட்டம், ஞாயிறு நீள ஓட்டம். இதில் மாற்றமில்லை. இதோடு செவ்வாய், வெள்ளி மாலைகளில் வீட்டிலேயே இதைச் செய்யுங்கள். அரை மணி நேரம் ஆகும். செவ்வாய் ஏற்கெனவே களைத்துப்போகிற நாளாயிற்றே என்பீர்கள். கடினமானதையெல்லாம் அன்றே முடித்துவிட்டால் புதன் முழுக்க ஓய்வு கிடைக்கும், அதற்காகத்தான். வெள்ளிக்கிழமை முடியாமல் போனால் விட்டுவிடுங்கள். சனிக்கிழமை ஈடுகட்டப் போனால் ஞாயிறு 16 கிலோமீட்டருக்குக் கால் வராது.

ஒரு பாய், ஆடாத நாற்காலி, ஒரு படிக்கட்டு போதும். வெறுங்காலோடு செய்யுங்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸ் வழுக்கும்.

உடம்பைச் சூடாக்க, 5 நிமிடம்

நின்ற இடத்தில் 2 நிமிடம் மெல்ல ஓடுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் 10 தடவை வீசுங்கள். அப்புறம் கணுக்கால்: கால் பெருவிரலைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. எளிதாக இருந்தால் பாதத்தைப் பின்னுக்கு நகர்த்துங்கள். 10 செ.மீ. வரை எட்டினால் நல்லது. ஒரு கால் மட்டும் பின்தங்கினால் அதற்கு இன்னொரு சுற்று.

கெண்டைக்கால்

நேரமில்லாத நாளில் இதை மட்டுமாவது செய்யுங்கள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் ஒற்றைக்கால் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கைத் தாங்குகிறது. அதில் பெரும்பங்கு வேலை கெண்டைக்காலுக்குத்தான். நம்மில் பலர் தொடையைக் கவனிக்கிற அளவுக்கு இதைக் கவனிப்பதில்லை.

படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நில்லுங்கள். இரண்டு எண்ணும்வரை மேலே, மூன்று எண்ணும்வரை கீழே. குதிகால் படிமட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மேலே போகும்போது எடை சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து கணுக்கால் வெளியே மடங்கும். பெருவிரலின் அடிப்பகுதியை நன்றாக அழுத்தினால் அது நிற்கும். முட்டி நேராக 12 தடவை, பிறகு முட்டியைச் சற்று மடக்கியபடியே 12. மடக்கினால் மேல்தசையின் பங்கு குறைந்து, அடியிலிருக்கும் சோலியஸ் தசை வேலை செய்யும். நீள ஓட்டத்தில் அதற்குத்தான் உழைப்பு அதிகம். 12 வராவிட்டால் இரண்டு காலால் ஏறி ஒற்றைக்காலால் இறங்குங்கள். குதிகால் எலும்பு ஒட்டிய இடத்தில் வலி உள்ளவர்கள் சமதரையில் செய்யுங்கள், கீழே இறக்க வேண்டாம்.

மற்றவை

ஸ்பிளிட் ஸ்குவாட்: ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து நேராகக் கீழே இறங்குங்கள். முன்முட்டி உள்ளே சரியக் கூடாது. கண்ணாடி முன் செய்தால் தெரிந்துவிடும். பக்கத்துக்கு 8.

ஒற்றைக்கால் பிரிட்ஜ்: மல்லாந்து படுத்து, ஒரு பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள். பின்தொடை பிடித்துக்கொண்டால் குதிகாலைப் பிட்டத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். பக்கத்துக்கு 10.

ஒற்றைக்காலில் முன்குனிதல்: நிற்கும் காலின் முட்டி லேசாக மடங்கியிருக்க, இடுப்பிலிருந்து குனிந்து மறுகாலைப் பின்னே நீட்டுங்கள். இடுப்பின் இரு பக்கமும் தரையைப் பார்த்தபடி சமமாக இருக்கட்டும். தள்ளாடினால் நாற்காலியில் ஒரு விரல் வைக்கலாம், வெட்கமில்லை. பக்கத்துக்கு 8.

பக்கவாட்டு பிளாங்க், பக்கத்துக்கு 30 விநாடி. மூச்சை அடக்காதீர்கள்.

முடிக்கும்போது

ஒரு முட்டியைப் பாயில் ஊன்றி, அந்தப் பக்கப் பிட்டத்தை இறுக்கி, இடுப்பைச் சற்று முன்னே தள்ளுங்கள், 45 விநாடி. முதுகை வளைத்தால் தொடையின் முன்பக்கம் இழுபடாது. பிறகு 1 நிமிடம் குத்தவைத்து உட்காருங்கள். குதிகால் தரையில் படாவிட்டால் மடித்த துண்டை அடியில் வையுங்கள்.

கூட்டுவதும் குறைப்பதும்

முதல் இரண்டு வாரம் எல்லாம் ஒரு செட். அடுத்து இரண்டு செட், இடையில் 1 நிமிட ஓய்வு. ஐந்தாம் வாரத்திலிருந்து கெண்டைக்காலுக்கு மட்டும் முதுகுப்பையில் 5 கிலோ அரிசி. போட்டிக்கு முந்தைய வாரம் ஒரு செட் போதும். போட்டி வாரத்தில் வேண்டாம்.

தசை வலி பத்துக்கு மூன்று அளவில் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். முன்காலெலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் சுள்ளென்று வலித்தால் ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வருகிற செவ்வாய் ஓட்டம் முடிந்ததும் கடற்கரைப் படிக்கட்டில் ஒவ்வொருவரின் ஒற்றைக்கால் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்வேன். இடது, வலது தனித்தனியாக.