மேலாளர் பற்றிய அரையாண்டு சர்வே: என் கருத்துகள்

உங்கள் மேலாளர் தொடர்ந்து செய்ய வேண்டியது என்ன?

ஜூலை ரிலீஸ் இரவில் பில்லிங் நின்றுபோனபோது நீங்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அன்றைய அழைப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "யார் போட்ட மாற்றம் இது?" என்ற கேள்வி கிளையண்ட் பக்கமிருந்து திரும்பத் திரும்ப வந்தது. நீங்கள் குரலை உயர்த்தாமல், "முதலில் பழைய வெர்ஷனுக்குப் போவோம், காரணத்தைக் காலையில் பார்க்கலாம்" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வேலை நடந்தது.

மறுநாள் நீங்கள் எழுதிய அறிக்கை அதைவிட முக்கியம். பெரிய டேபிள் ஒன்றில் புதிய நெடுவரிசை சேர்க்கும்போது அந்த டேபிள் முழுவதும் லாக் ஆகிவிட்டது, டெஸ்ட் டேட்டாபேஸில் தரவு குறைவு என்பதால் அங்கே அது கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். யார் பெயரும் அதில் இல்லை. அந்த ஸ்கிரிப்டை எழுதியவரே அடுத்த வாரம் தானாக முன்வந்து, என்ன நடந்தது என்று டீம் முழுவதற்கும் விளக்கினார். இப்போது இப்படிப்பட்ட மாற்றம் எது வந்தாலும், தரவு நிறைந்த காப்பியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி முதலில் கேட்பவர் அவர்தான். அறிக்கையில் அவர் பெயர் வந்திருந்தால் இது நடந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். இந்தப் பழக்கத்தை எந்த நெருக்கடியிலும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: கிளையண்டின் கோபமான மெயில்களை அப்படியே எங்களுக்கு ஃபார்வர்டு செய்யாமல், அதில் என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் எடுத்துச் சொல்கிறீர்கள். அது பெரிய உதவி.

உங்கள் மேலாளர் எதை மாற்றிக்கொண்டால் உங்கள் வேலைக்கு உதவியாக இருக்கும்?

"முன்னுரிமைகளைத் தெளிவாகத் தெரிவிக்கிறார்" என்ற கேள்விக்கு 5க்கு 2 கொடுத்திருக்கிறேன். மற்றவற்றுக்கு பெரும்பாலும் 4. இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் குறைவு என்பதை விளக்காமல் விட்டால் அந்த எண்ணால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

ஸ்பிரிண்ட் பிளானிங்கில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுக்கிறோம். அதன்பிறகு வரும் மாற்றங்களை நீங்கள் சம்பந்தப்பட்ட டெவலப்பருக்குத் தனி சாட்டில் சொல்கிறீர்கள். டிக்கெட்டில் பழைய விவரமே இருக்கிறது. டெஸ்டிங்கில் இருக்கும் நாங்கள் டிக்கெட்டைப் பார்த்துத்தான் வேலை செய்கிறோம்.

ஆகஸ்ட் ஸ்பிரிண்டில் இன்வாய்ஸ் வரி ரவுண்டிங்கில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். ஒவ்வொரு வரிசையிலும் வரியை இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்து பிறகு கூட்ட வேண்டும் என்று டிக்கெட்டில் இருந்தது. முதலில் கூட்டிவிட்டு, கடைசியில் ஒருமுறை மட்டும் ரவுண்ட் செய்தால் போதும் என்று புதன்கிழமை மாலை சாட்டில் மாற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். பார்க்கச் சிறிய மாற்றம்தான். மூன்று வரிசைகளில் தலா 0.334 வரி வந்தால் முதல் முறையில் 0.99, இரண்டாவது முறையில் 1.00. ஆனால் பல வரிசைகள் உள்ள இன்வாய்ஸ்களின் மொத்தத்தில் இந்த வித்தியாசம் எட்டிப் பார்க்கலாம்.

வியாழக்கிழமை காலை என் டெஸ்ட்கள் வரிசையாகத் தோற்றன. நான் பக்குகள் போட்டேன். டெவலப்பர் "மேனேஜர் சொன்னபடிதான் இருக்கிறது" என்று எழுதி அவற்றை மூடினார். டிக்கெட்டில் அப்படி இல்லையே என்று நான் மறுபடி திறந்தேன். இருவருமே எங்கள் பக்கம் சரி என்று நினைத்தோம். உண்மையில் இருவரும் சரியாகத்தான் வேலை செய்திருந்தோம், கையில் இருந்த விவரம்தான் வேறு வேறு. மாலையில் உங்களிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள், எக்ஸ்போர்ட் ரிப்போர்ட்டைப் பார்க்கும் மூன்றாவது ஒருவர் பழைய முறைப்படியே தன் வேலையை முடித்துவிட்டார். இன்வாய்ஸில் ஒரு மொத்தம், ரிப்போர்ட்டில் ஒரு மொத்தம். வெள்ளிக்கிழமை முழுவதும் அதைச் சரிசெய்வதிலும் மறுபடி டெஸ்ட் செய்வதிலும் போனது. அந்த வாரம் ஆட்டோமேட் செய்வதாக இருந்த டெஸ்ட்கள் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப்போயின.

மாற்றம் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த மாற்றமே சரியானது, கிளையண்டின் கணக்குப் பிரிவு அப்படித்தான் எதிர்பார்க்கிறது என்று நீங்கள் விளக்கியபோது புரிந்தது. கிளையண்ட் உங்களை நேரடியாக அழைத்துச் சொல்கிறார்கள், உடனே பதில் எதிர்பார்க்கிறார்கள் என்பதும் தெரியும். அந்த அவசரத்தில் டெவலப்பரிடம் நேராகச் சொல்வதுதான் வேகமான வழியாகத் தோன்றும். ஆனால் உங்களுக்கு மிச்சமாகும் ஐந்து நிமிடம், கீழே மூன்று பேருடைய ஒரு நாளாக மாறிவிடுகிறது. அது உங்கள் பார்வைக்கு வருவதில்லை என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஒரு சிறு ஏற்பாடு போதும் என்று நினைக்கிறேன். பிளானிங்குக்குப் பிறகு வரும் எந்த மாற்றமும் டிக்கெட்டில் ஒரு வரி கமென்ட்டாக வரட்டும். "ரவுண்டிங் இனி மொத்தத்தில் மட்டும். கிளையண்ட் கேட்டது" என்ற அளவு போதும். டிக்கெட்டில் எழுதினால் டெவலப்பர், டெஸ்டர், ரிப்போர்ட் பார்ப்பவர் எல்லோருக்கும் நோட்டிஃபிகேஷன் போய்விடும், நீங்கள் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மீட்டிங்குகளுக்கு நடுவில் எழுத நேரமில்லை என்றால் டீம் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். அதை டிக்கெட்டில் ஏற்றி, சரிதானா என்று உங்களை டேக் செய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கூடவே இதையும் பரிசீலிக்க வேண்டுகிறேன். ஸ்பிரிண்டின் நடுவில் புதிதாக ஒரு வேலை உள்ளே வரும்போது, எது வெளியே போகிறது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். இப்போது அதைச் சொல்லாமல் விடுவதால், எதைத் தள்ளிப்போடலாம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக ஊகிக்கிறோம். டெவலப்பர் ஒன்றைத் தள்ளுகிறார், நான் வேறொன்றைத் தள்ளுகிறேன். கடைசியில் இரண்டுமே பாதியில் நிற்கின்றன. "இது வருகிறது, அதற்குப் பதில் தேடல் பக்கம் அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போகிறது" என்று நீங்கள் சொன்னால் அது முடிவு. அதையே நாங்கள் சொன்னால் சாக்குப் போலத் தெரிகிறது.

வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?

இதை எழுதலாமா என்று யோசித்தேன். நீங்கள் வேண்டுமென்று செய்யாத ஒன்று என்பதால் எழுதுகிறேன்.

கிளையண்ட் கலந்துகொள்ளும் வாராந்திர ரிவ்யூவில், டீமில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒருவரிடம், அவர் கொடுத்த எஸ்டிமேட்டைப் பற்றி "இதற்கு எதற்கு நான்கு நாள்?" என்று கேட்டீர்கள். கேள்வி நியாயமானதுதான். உங்கள் குரலிலும் கடுமை இல்லை. ஆனால் கிளையண்ட் எதிரில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு அவரால் உண்மையான பதிலைச் சொல்ல முடியவில்லை. பழைய கோடிங்கைப் புரிந்துகொள்ளவே இரண்டு நாள் வேண்டும் என்பதுதான் காரணம். அதை அங்கே எப்படிச் சொல்வார்? "இரண்டு நாளில் முடித்துவிடுகிறேன்" என்று ஒப்புக்கொண்டார். வேலை முடிய நான்கு நாள்தான் ஆனது, அதில் டெஸ்டிங்குக்கான நேரம் சுருங்கிப்போனது.

அதற்குப் பிறகு நான் கவனிப்பது இதுதான்: ரிவ்யூவில் எஸ்டிமேட் கேட்டால் அவர் முதலில் உங்கள் முகத்தைப் பார்க்கிறார். மற்ற இருவர் எண் சொல்வதையே தவிர்த்து, "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்கிறார்கள். உங்களுக்குத் தேவை நம்பக்கூடிய எண். அது இப்போது உங்களுக்குக் கிடைக்காமல் போகிறது என்பதுதான் என் கவலை.

எஸ்டிமேட் பற்றிய கேள்விகளை ரிவ்யூவுக்கு முந்தைய நாள் டீமுக்குள் கேட்டுவிட்டால் இது தீர்ந்துவிடும். பத்து நிமிடம் போதும். கிளையண்ட் எதிரிலேயே சந்தேகம் வந்தால், "இதை நாங்கள் உள்ளே பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று நீங்கள் சொல்வது எங்களுக்குப் பெரிய பலம். ஜூலையில் காரணத்தைக் காலைக்குத் தள்ளிவைத்தீர்களே, அதேதான் இதுவும். உங்களுக்கு இது புதிய விஷயம் அல்ல.

கடைசியாக, என் மாதாந்திர ஒன் ஆன் ஒன் பல முறை ரத்தாகிறது. நேரம் இல்லையென்றால் கால் மணி நேரமாகக் குறைத்தாலும் பரவாயில்லை, ரத்து செய்யாமல் வேறு நாளுக்கு மாற்றுங்கள். மேலே எழுதியதில் பாதியை அங்கேயே நேரில் சொல்லியிருப்பேன்.

இந்த சர்வேயில் பெயர் கேட்கவில்லை. ஆனால் ரவுண்டிங் விஷயத்தைப் படித்ததும் எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்தேதான் எழுதினேன். பெயரை மறைப்பதற்காக "தகவல் பரிமாற்றம் மேம்பட வேண்டும்" என்று பொதுவாக எழுதியிருந்தால் அதை வைத்து நீங்கள் என்ன செய்ய முடியும்? எஸ்டிமேட் விஷயத்தில் மட்டும் ஒரு வேண்டுகோள்: அந்த நபரிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம். அவர் என்னிடம் புகார் எதுவும் சொல்லவில்லை, நான் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன். நான் பார்த்த கோணம் தவறு என்று உங்களுக்குத் தோன்றினால் என்னிடம் நேரடியாகப் பேசுங்கள்.

சர்வே முடிவுகள் உங்கள் கைக்கு வந்த பிறகு நடக்கும் முதல் பிளானிங்கில் டிக்கெட் கமென்ட் ஏற்பாட்டைத் தொடங்கலாம் என்றால், டிக்கெட் டெம்ப்ளேட்டில் "பிளானிங்குக்குப் பிந்தைய மாற்றம்" என்று ஒரு பகுதியை நான் முன்பே சேர்த்து வைத்துவிடுகிறேன். இரண்டு ஸ்பிரிண்ட் ஓட்டிப் பார்ப்போம். கூடுதல் சுமையாக இருந்தால் எடுத்துவிடலாம்.