தங்கள் எழுதுமேசை குறித்து ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தந்தையார் பயன்படுத்திய எழுதுமேசை வீடு வந்து சேர்ந்த பிறகு தாங்கள் அனுப்பிய நீண்ட செய்தியைப் பட்டறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பல ஆண்டுகளாக இறுகிக் கிடந்த இழுப்பறை இப்போது ஒரு விரலால் இழுத்தாலே வருகிறது என்றும், மேற்பலகையில் தந்தையாரின் பேனாவிலிருந்து சிந்திய மைக்கறை அப்படியே இருப்பதைக் கண்டபோது மனம் நிறைந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். கறையை விட்டுவைக்க வேண்டும் என்று தாங்கள் முதலிலேயே சொல்லியிருந்ததால், அந்த இடத்தில் கை படாமல் சுற்றிலும் மட்டும் உப்புத்தாளால் தேய்த்த எங்கள் தச்சருக்கு அந்த வரியைவிடப் பெரிய பாராட்டு வேறு இல்லை. தங்களுக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இந்த மடலில் ஒரு வேண்டுகோளையும் வைக்கிறேன். தாங்கள் எனக்குத் தனியாக எழுதியவற்றில் தங்களுக்கு விருப்பமான சிலவற்றை, கூகுள் மேப்பில் எங்கள் பட்டறையின் பக்கத்தில் ஒரு விமர்சனமாகப் பதிவு செய்ய இயலுமா?

ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய மரச்சாமானைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே அச்சத்தோடுதான் எங்களிடம் வருகிறார்கள். புதிதாக்குகிறோம் என்று சொல்லி, அதன் பழமையையும் அதில் தங்கியிருக்கும் நினைவையும் சேர்த்துச் சுரண்டி எடுத்துவிடுவார்களோ என்பதே அந்த அச்சம். அப்படி ஆகாது என்று நான் எத்தனை முறை உறுதி கூறினாலும், அது வேலையை எதிர்பார்த்து நிற்பவனின் சொல்லாகவே கேட்பவர் காதில் விழும். அதில் தவறும் இல்லை. தாங்களோ அதே அச்சத்தோடு வந்து, மேசையைக் கொடுத்து, திரும்பப் பெற்று, இப்போது நாள்தோறும் அதில் அமர்ந்து எழுதிக்கொண்டிருப்பவர். அத்தகைய ஒருவரின் அனுபவம், முன்பின் அறியாத இன்னொருவர் தம் வீட்டுப் பொருளை எங்களிடம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உண்மையாகவே உதவும்.

பதிவு செய்வது எளிது. இந்த மடலை அடுத்துத் தனிச் செய்தியாக ஓர் இணைப்பை அனுப்புகிறேன். அதைத் தொட்டால் எங்கள் பட்டறையின் பெயரும், அதன் கீழே ஐந்து நட்சத்திரங்களும் தோன்றும். தங்கள் கைபேசியில் கூகுள் கணக்கு ஏற்கெனவே திறந்திருந்தால் நேராக அந்தப் பக்கத்துக்கே செல்லும். இல்லையென்றால் முதலில் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்கும். தங்களுக்குச் சரியென்று படும் அளவுக்கு நட்சத்திரங்களைத் தொட்டு, கீழே உள்ள பெட்டியில் எழுத விரும்புவதை எழுதி, Post என்ற பொத்தானை அழுத்தினால் முடிந்தது. தட்டச்சு செய்வது சிரமமாக இருந்தால், விசைப்பலகையில் உள்ள ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசினாலும் அது எழுத்தாக மாறிக்கொள்ளும். எதுவும் எழுதாமல் நட்சத்திரம் மட்டும் அளிக்கவும் வழி உண்டு. பதிவு உடனே கண்ணில் படவில்லை என்றால் தாங்கள் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ண வேண்டாம். கூகுள் அதைச் சரிபார்த்து வெளியிடச் சில சமயம் நேரம் எடுத்துக்கொள்கிறது.

என்ன எழுதுவது என்ற தயக்கம் வரலாம். அழகான சொற்கள் எதுவும் தேவையில்லை. மேசை எந்த நிலையில் எங்களிடம் வந்தது, என்ன கேட்டுக்கொண்டீர்கள், கையில் திரும்பக் கிடைத்தபோது எப்படி இருந்தது என்று இரண்டு மூன்று வரிகள் எழுதினாலே போதும். "மிகச் சிறப்பு" என்ற ஒரு சொல்லைவிட, இழுப்பறையைப் பற்றித் தாங்கள் எழுதிய அந்த ஒரு வரி படிப்பவருக்கு அதிகம் சொல்லும். தமிழிலேயே எழுதலாம். அரக்கு பாலிஷின் வாசம் அடங்கச் சில நாள் ஆயிற்று, அதுவரை சன்னலைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது என்றும் தங்கள் செய்தியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. எழுதினால் நல்லது என்றே கருதுகிறேன். அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பாலிஷ் என்பதால் அந்த வாசம் தொடக்கத்தில் இருக்கத்தான் செய்யும். வீட்டில் குழந்தைகளோ மூச்சுத் தொல்லை உள்ளவர்களோ இருப்பவர்கள் அதை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம். நட்சத்திரங்களின் எண்ணிக்கையும் முழுக்க முழுக்கத் தங்கள் முடிவே. நான்கு என்று தோன்றினால் நான்கே அளியுங்கள்.

பதிவு செய்யும் முன் கவனத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு. விமர்சனத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனுடன் தங்கள் கூகுள் கணக்கில் வைத்திருக்கும் பெயரும் படமும் தெரியும். ஆகவே வீட்டு முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றை அதில் குறிப்பிட வேண்டாம். மேசையின் படத்தைச் சேர்க்க விரும்பினால், பின்னணியில் குடும்பத்தாரின் முகமோ, மேசைமேல் இருக்கும் கடிதங்களின் எழுத்தோ தெரியாதபடி எடுப்பது நலம். பின்னர் மனம் மாறினாலும் கவலையில்லை. தங்கள் பதிவின் அருகில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் அதைத் திருத்தவோ அடியோடு நீக்கவோ முடியும். நீக்கினால் காரணம் கேட்க மாட்டேன்.

விமர்சனம் எழுதுவதற்காகக் கட்டணக் கழிவோ பரிசோ எங்களால் தர இயலாது. கூகுளின் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. விதி இல்லாவிட்டாலும் தர மாட்டேன். கைம்மாறு வாங்கிக்கொண்டு எழுதியது என்று தெரிந்தால் தாங்கள் எழுதும் உண்மையையும் படிப்பவர் நம்ப மாட்டார்.

இது வேண்டுகோள் மட்டுமே. பொதுவெளியில் எழுதுவது சிலருக்கு இயல்பாக வராது. தந்தையாரின் நினைவோடு பிணைந்த ஒன்றைப் பிறர் பார்வைக்கு வைக்க மனம் ஒப்பாமலும் இருக்கலாம். அப்படியானால் இந்த மடலுக்குப் பதில்கூட எழுத வேண்டியதில்லை. நானும் இதைப் பற்றி மீண்டும் நினைவூட்ட மாட்டேன். தாங்கள் தனியாக அனுப்பிய செய்தியை அனுமதியின்றி எந்த இடத்திலும் வெளியிடவும் மாட்டேன். விமர்சனம் எழுதினாலும் எழுதாவிட்டாலும், மேசையின் மூட்டுகளுக்கும் இழுப்பறைக்கும் நாங்கள் அளித்த ஓராண்டு உத்தரவாதம் அப்படியே இருக்கும்.

அந்த உத்தரவாதத்தையொட்டி ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மரம் சற்று உப்பும். அப்போது இழுப்பறை மறுபடி இறுகுவதுபோல் தோன்றினால் வலிந்து இழுக்காமல் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சரிசெய்து தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மேசையைப் பழுதுபார்த்த பட்டறையின் பொறுப்பாளர்