வாசகர் கடிதம்: மனநல நெருக்கடியில் முதலில் குரல் தணியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் 2020 முதல் தற்கொலை முயற்சி குற்றமல்ல. சட்டம் மாறிவிட்டது, மனநல நெருக்கடி என்று அழைத்ததும் வந்து வாசலில் நிற்கும் காவல்துறை அதிகாரியின் பயிற்சியும் அதே வேகத்தில் மாற வேண்டும்.

வீவக அடுக்குமாடித் தாழ்வாரம் குறுகலானது. நான்கு அதிகாரிகள் இரும்புக் கதவருகே நெருங்கி நின்று, ஆளுக்கொரு கட்டளை போட்டால், காதில் ஏற்கெனவே குரல்கள் கேட்கும் ஒருவருக்கு எதுவும் புரியாது. பணியாததை முரண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

ஒருவர் மட்டுமே பேச வேண்டும். மற்றவர்கள் மின்தூக்கிப் பக்கம் பின்வாங்கி, வாக்கிடாக்கியின் ஒலியைக் குறைக்கட்டும். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பத்து விநாடியாவது காத்திருக்கட்டும். என்ன மருந்து, எப்போது நிறுத்தினார் என்று அம்மாவைத் தனியே விசாரிக்கலாம். நெருக்கடியில் இருப்பவர் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். கையில் கத்தி இருந்தால் கதை வேறு. அப்போதும் பிறரை அப்புறப்படுத்தி இடைவெளி காப்பதே முதல் வேலை. மடக்கிப் பிடித்தபின் குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்தக் கூடாது, மூச்சு நின்றுபோகலாம்.

இவை விரிவுரையில் வராது. மனநலத் தாதியரும் நோயிலிருந்து மீண்டவர்களும் பங்கேற்கும் நடிப்புப் பயிற்சி ஆறு மாதத்திற்கு ஒருமுறை தேவை, தேசியச் சேவையாளர்களுக்கும் சேர்த்து.

ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி,
ஈசூன்